வுவாத்யூரா, பாஞோலா? பிரெஞ்சில் பொதுச்சொல்லும் பேச்சுக்கொச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருந்தேன். பிரெஞ்சில் காருக்கு வுவாத்யூர் என்றும் சொல்வார்கள், பாஞோல் என்றும் சொல்வார்கள். இப்படி ஒரே பொருளுக்குப் பொதுச்சொல்லும் கொச்சைச் சொல்லும் இருக்கும்போது எதை எங்கே சொல்வது என்று மாணவர்களும், அங்கே படிக்கப் போனவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

"வுவாத்யூர்னா எழுத்து வழக்கு, பாஞோல்னா பேச்சு வழக்கு. அப்படித்தானே சார்?"

இல்லை. தமிழர்கள் பிரெஞ்சில் செய்யும் பாதித் தவறுகள் இந்த எண்ணத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தமிழில் நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுவோம், 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுவோம். பேராசிரியரும் அப்படித்தான் பேசுவார், ஆட்டோ ஓட்டுபவரும் அப்படித்தான் பேசுவார். வீட்டில் யாராவது 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொன்னால் நாடக வசனம் மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே இதில் ஊறிய நமக்கு, ஒரே பொருளுக்கு இரண்டு பிரெஞ்சுச் சொல் கிடைத்ததும் ஒன்றை எழுத்துக்கும் மற்றதைப் பேச்சுக்கும் ஒதுக்கிவிடத் தோன்றுகிறது.

ஆனால் வுவாத்யூர் என்பது எழுதவும் பேசவும் பொதுவான சொல். அம்மா பிள்ளையிடம் 'காரில் ஏறு' என்று சொல்லும்போதும் வுவாத்யூர்தான், செய்தித்தாளில் வருவதும் வுவாத்யூர்தான். அதைச் சொல்வதால் நீங்கள் புத்தகம் மாதிரிப் பேசுவதாக எந்தப் பிரெஞ்சுக்காரரும் நினைக்க மாட்டார். நம்மூரில் 'கார்' என்ற சொல் எப்படியோ அப்படி.

பாஞோலுக்கு இணையாகத் தமிழில் ஒன்றைக் காட்ட வேண்டுமானால், 'பணம்', 'துட்டு' என்ற ஜோடியைப் பாருங்கள். 'பணம்' என்று வீட்டிலும் சொல்வோம், வங்கியிலும் சொல்வோம், எழுதவும் எழுதுவோம். 'துட்டு' என்று சொல்லும்போது யாரிடம் சொல்கிறோம், எந்த மனநிலையில் சொல்கிறோம் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. வங்கி கவுண்டரில் 'என் துட்டை டெபாசிட் பண்ணணும்' என்று யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சில் அர்ஜான் என்பது பணம், ஃப்ரிக் என்பது துட்டு. வுவாத்யூர், பாஞோல் ஜோடியும் இதே கணக்குதான்.

பிரெஞ்சு இலக்கண ஆசிரியர்கள் இதை மூன்று படியாகப் பிரிப்பார்கள். சூத்ன்யூ என்பது உயர்ந்த நடை, கூரான் என்பது எல்லோருக்கும் பொதுவான நடை, ஃபமிலியே என்பது நெருங்கியவர்களிடம் பேசும் நடை. வுவாத்யூர் நடுப்படியில் இருக்கிறது, பாஞோல் அதற்குக் கீழ்ப்படியில்.

"ரெண்டுமே காரைத்தானே சொல்லுது. பாஞோல்னு சொன்னா கூடுதலா என்ன வருது?"

சொல்கிறவரின் உணர்ச்சி வருகிறது. இந்தச் சொல்லின் பிறப்பிலேயே அது இருக்கிறது. பான் என்ற பழைய சொல் ஒருவகை வண்டியையும் பெரிய கூடையையும் குறித்தது. அதிலிருந்து வந்த பாஞோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓட்டை வண்டியைக் குறித்தது. குதிரை வண்டிக் காலத்துச் சொல் அது. கார் வந்த பிறகு ஓட்டைக் காருக்கு ஆகி, பின்பு எந்தக் காருக்கும் பொதுவாகிவிட்டது. இன்று புத்தம்புதிய விலை உயர்ந்த காரைப் பார்த்து 'பெல் பாஞோல்!' என்று வியந்து சொல்லலாம். காலையில் கிளம்பாத காரின் மேல் எரிச்சல்பட்டும் அதே சொல்லைச் சொல்லலாம்.

எந்த உணர்ச்சியும் இல்லாமல் தகவலாக மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் கேட்பவருக்குக் குழப்பம் வரும். 'கார் எந்த நிறம்?' என்று கேட்கும் பார்க்கிங் ஊழியரிடம் 'என் பாஞோல் நீலம்' என்றால், அவரிடம் தேவையில்லாத ஒரு நெருக்கத்தைக் காட்டியதாகிவிடுகிறது.

வயதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இளைஞர்கள் நண்பர்களுக்குள் கெஸ் என்று சொல்வதை அதிகம் கேட்கலாம். கெஸ் என்றால் பெட்டி. பாஞோல் அவர்களுக்கும் தெரியும், ஆனால் அதில் அப்பா தலைமுறையின் வாசனை லேசாக உண்டு. பழைய லொடக்கு வண்டிக்குத் தாக்கோ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

"எந்த இடத்துல சொன்னா உறுத்தும்? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். துலூஸில் இருந்தபோது பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஒருநாள் தெருவோரம் நிறுத்தியிருந்த அந்தக் காரின் கதவை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கூடத் தங்கியிருந்த நண்பர்களோடு பேசிப் பேசிப் பாஞோல் என்ற சொல் வாயில் பழகியிருந்தது. 'போன்ஜூர் மதாம்' என்று மரியாதையாக ஆரம்பித்து, 'நீங்கள்' என்பதற்கான வூ போட்டு, முழு வாக்கியமாக, 'என் பாஞோலை யாரோ உரசிவிட்டார்கள்' என்று சொன்னேன். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். பிறகு, 'உங்கள் வெயிக்யூல், சரி. எங்கே நிறுத்தியிருந்தீர்கள்?' என்றார். கோபம் எதுவும் இல்லை. நான் சொன்ன சொல்லை மெதுவாக எடுத்துவிட்டு அந்த இடத்துக்குரிய சொல்லை வைத்தார், அவ்வளவுதான்.

அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வெயிக்யூல் என்பது காப்பீடு, போலீஸ், பதிவு அலுவலகம் ஆகியவற்றின் சொல். பிரான்சில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் ஓட்டுநர்கள் இருவரும் சேர்ந்து நிரப்பும் ஒரு படிவம் உண்டு. கோன்ஸ்தா அமியாப்ல் என்று பெயர். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள் என்று இரண்டு பத்தி இருக்கும். வெயிக்யூல் ஆ, வெயிக்யூல் பே, அதாவது வாகனம் A, வாகனம் B என்றுதான் தலைப்பு போட்டிருக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டு, ஐந்து வேலை நாளுக்குள் அவரவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் எங்கேயும் பாஞோலுக்கு இடமில்லை.

இதே உரசலை மூன்று பேரிடம் எப்படிச் சொல்லலாம் என்று பாருங்கள். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது 'மோன் வெயிக்யூல் ஆ எத்தே ஆன்தொமாஜே', அதாவது 'என் வாகனம் சேதமடைந்துள்ளது'. போனிலோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ 'கெல்கேன் ஆ ரெய்யே மா வுவாத்யூர்', 'யாரோ என் காரைக் கீறிட்டாங்க'. நண்பனிடம் 'ஓன் மா பூஸியே லா பாஞோல்', 'வண்டியை நாசம் பண்ணிட்டானுங்க'. மூன்றாவதில் மாறியிருப்பது கார் என்ற சொல் மட்டும் இல்லை, வினைச்சொல்லும் மாறியிருக்கிறது. ஆன்தொமாஜே என்ற அலுவலக வினையின் பக்கத்தில் பாஞோலை வைத்தால் பொருந்தாது. பூஸியேயின் பக்கத்தில் வெயிக்யூலை வைத்தாலும் அதே கதிதான்.

"ஃப்ரெண்ட்ஸ்கிட்டதான் பேசுறேன். அவங்க சொல்ற அதே வார்த்தையைத்தான் சொல்றேன். ஆனா நான் சொன்னா மட்டும் ஒரு மாதிரி பார்க்கறாங்க. ஏன்?"

வார்த்தை சரியாக இருந்திருக்கும், அதைச் சுற்றியிருந்த வாக்கியம் வேறு உடையில் வந்திருக்கும். வகுப்பில் நான் இதைத்தான் அதிக நேரம் எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

வகுப்பில் படித்தவர் பொதுவாக இப்படிக் கேட்பார்: 'ஊ அவே வூ காரே வோத்ர் பாஞோல்?' காரை எங்கே நிறுத்தினீர்கள் என்று அர்த்தம். எழுவாயும் வினையும் இடம் மாறிய கேள்வி, அதோடு வூ என்ற மரியாதை வடிவம். முதலாவது உயர்ந்த நடையின் அடையாளம், இரண்டாவது மரியாதையின் அடையாளம். கடைசியில் பாஞோல் வந்து விழுகிறது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு காலில் ரப்பர் செருப்பு போட்ட மாதிரி. பிரெஞ்சு நண்பன் இதையே 'தா காரே தா பாஞோல் ஊ?' என்பான். 'நீ' என்பதற்கான த்யூவில் தொடங்கும் த்யூ ஆ என்பதைச் சுருக்கித் தா ஆக்கிவிட்டான், கேள்விச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிட்டான். அந்த வாக்கியத்தில் பாஞோல் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

பிரெஞ்சிலும் பேச்சு நடை என்று ஒன்று நிஜமாகவே உண்டு. ஆனால் அது இருக்கும் இடம் சொற்கள் இல்லை, இலக்கணம். எதிர்மறை வாக்கியத்தில் ந, பா என்று இரண்டு துண்டு வர வேண்டும் என்று படித்திருப்பீர்கள். பேச்சில் முதல் துண்டு பெரும்பாலும் விழுந்துவிடும். 'எனக்குத் தெரியாது' என்பதற்கான 'ஜ ந சே பா' என்பது 'ஜ சே பா' ஆகும், வேகமாகச் சொன்னால் 'ஷே பா' என்றே காதில் விழும். மருத்துவரும் வழக்கறிஞரும் வீட்டில் இப்படித்தான் பேசுகிறார்கள். 'நாங்கள்' என்பதற்கு நூ என்று படித்திருப்பீர்கள், பேச்சில் பெரும்பாலும் ஓன் வரும். 'அது' என்பதற்கு ஸலா என்று எழுதுவதை ஸா என்பார்கள். 'நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்' என்பதற்கு 'ஊ அபித்தே வூ' என்பது எழுத்து. 'வூஸபித்தே ஊ' என்பது பேச்சு. கடைசியாகச் சொன்னதில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள், வூ அப்படியே இருக்கிறது.

அதனால் என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலக்கணத்தைப் பேச்சுக்கு இறக்குங்கள், சொற்களைப் பொதுப்படியிலேயே வைத்திருங்கள். 'தா காரே தா வுவாத்யூர் ஊ?' என்று கேட்டுப் பாருங்கள். இதில் கொச்சைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பக்கத்து மேஜையில் இருப்பவர் திரும்பிப் பார்க்காத அளவுக்கு இயல்பாக இருக்கும். முதல் ஆறு மாதம் இப்படியே பேசலாம். அந்த நேரத்தில் கொச்சைச் சொற்கள் காதில் ஏறிக்கொண்டே இருக்கும். எந்தச் சொல் எந்த வாக்கியத்தோடு வருகிறது என்று காது பழகிய பிறகு அவை தானாக வாய்க்கு வந்து சேரும்.

உச்சரிப்பும் இதில் கொஞ்சம் வேலை செய்கிறது. ஒவ்வொரு அசையையும் தனித்தனியாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு கொச்சைச் சொல்லையும் அதே நிதானத்தில் சொன்னால் அது மேற்கோள் போலக் கேட்கும்.

"ஆஃபீஸ்ல மேனேஜரே பூலோன்னு சொல்றாரே. அப்ப எல்லா ஃபமிலியே வார்த்தையும் ஒரே அளவு கிடையாதா?"

கிடையாது. அகராதியில் ஒரே முத்திரை இருந்தாலும் சில சொற்கள் பொதுப்படிக்கு மிக அருகில் வந்துவிட்டன. வேலைக்கு த்ராவாய் என்பது பொதுச்சொல். பூலோ என்பதை அலுவலகத்தில் வூ போட்டுப் பேசிக்கொள்பவர்கள்கூடச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். புத்தகத்துக்குப் பூக்கேன் என்று ஒரு பேராசிரியரே சொல்லக் கேட்கலாம். அது டச்சு மொழியில் புத்தகத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவு உள்ளது. பாரிசில் சேன் ஆற்றங்கரையில் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்பவர்களுக்கு பூக்கினீஸ்த் என்று பெயர். அதே வேரிலிருந்து வந்த சொல்தான், ஆனால் அதில் கொச்சை வாடை துளியும் கிடையாது. நகராட்சிக் கடிதத்திலேயே வரும்.

சுருக்கிச் சொல்லும் சொற்களும் இப்படி மேலே ஏறி வருகின்றன. ரெஸ்தொரானை ரெஸ்தோ என்றும் கணினியை ஓர்தி என்றும் நண்பர்களுக்குள் சொல்வார்கள். மிதிவண்டிக்கான வெலோ ஒரு காலத்தில் வெலோசிப்பேத் என்பதன் சுருக்கமாக இருந்தது. இன்று அதுதான் பொதுச்சொல். பிஸிக்லெத் என்று முழுசாகச் சொன்னால் அதுதான் பழங்காலத்து ஆள் மாதிரி இருக்கும்.

பாஞோல், ஃப்ரிக், போலீஸ்காரரைக் குறிக்கும் ஃப்ளிக், சாப்பிடுவதைக் குறிக்கும் பூஃபே எல்லாம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. பூஃபே விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். யாராவது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால், சமைத்தவரிடம் 'நன்றாகச் சாப்பிட்டோம்' என்று சொல்ல மான்ஜே போதும். பூஃபே என்றால் அள்ளி அடைத்துக்கொண்ட தொனி வருகிறது. கூப்பிட்டவர் நெருங்கிய நண்பராக இருந்தால் சந்தோஷப்படுவார், நண்பரின் அம்மாவாக இருந்தால் முகம் மாறலாம்.

"ஷியான், போர்தெல்னு எல்லாரும் சொல்றாங்க. ஃபமிலியேதானே, நானும் சொல்லலாமா?"

இவை ஃபமிலியேக்கும் கீழே, கெட்ட வார்த்தைகளின் பக்கம் இருக்கின்றன. ஷியான் என்றால் 'எரிச்சலூட்டுவது', 'போரடிப்பது' என்று அர்த்தம் ஆகிவிட்டது. ஆனால் அதன் வேர் மலம் கழிப்பதைக் குறிக்கும் வினை. போர்தெல் 'ஒரே குப்பைக்கூளம்' என்ற பொருளில் வருகிறது, அதன் முதல் பொருள் விபசார விடுதி. பிறந்ததிலிருந்து இந்த மொழி பேசுகிறவர்களுக்கு இந்தக் கனம் எங்கே அழுத்தும், எங்கே அழுத்தாது என்று தெரியும். நமக்கு அந்தக் கனம் உடம்பில் படுவதில்லை. அதனால்தான் வேற்றுமொழிக்காரர்கள் கூச்சமே இல்லாமல் இவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஷியான் என்று சொல்லத் தோன்றும்போது பெனீப்ல் என்று சொல்லிப் பழகுங்கள். எரிச்சல் அதிலும் நன்றாகவே தெரியும்.

"மெஃப், ஷலூ, ரலூ. இதெல்லாம் என்ன? கத்துக்கணுமா?"

வேர்லான். சொல்லின் அசைகளைப் புரட்டிப் போடும் விளையாட்டு. இந்தப் பெயரே அப்படிப் பிறந்ததுதான். 'தலைகீழ்' என்பதற்கான லான்வேர் என்பதைப் புரட்டினால் வேர்லான். சந்தேகத்துக்குரியது என்ற பொருளில் வரும் லூஷ் புரண்டு ஷலூ ஆனது. கனமானது என்ற லூர் புரண்டு, தொந்தரவான ஆளைக் குறிக்கும் ரலூ ஆனது. பெண்ணைக் குறிக்கும் ஃபாம் என்பது மெஃப் ஆயிற்று, ஃப்ளிக் என்பது கெஃப் ஆயிற்று.

புரிந்துகொள்ளக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் மதிய உணவு மேஜையில் பாதிப் பேச்சு தலைக்கு மேல் போய்விடும். சொல்வதற்கு அவசரம் வேண்டாம். பாரிசின் புறநகர் இளைஞர்கள் வழியாகப் பரவிய பேச்சு இது. இன்று மற்ற இளைஞர்களும் சொல்கிறார்கள். ஆனாலும் ஐம்பது வயதுக்காரர் சொன்னால் இளைஞர் வேஷம் கட்டியது போலத் தோன்றும். பாடப்புத்தகப் பிரெஞ்சு பேசும் வெளிநாட்டவர் சொன்னாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேகமாகப் பழசாகிற சொற்களும் இதில் உண்டு. பழைய படங்களில் கேட்ட கொச்சையை அப்படியே எடுத்துக்கொண்டு போனாலும் இதே சிக்கல் வரும். பணத்துக்குத் த்யூன் என்று இன்றைய இளைஞன் சொல்வான், பெஸ் என்று சொல்ல மாட்டான். அது அவன் தாத்தா காலத்துச் சொல்.

"ஜனாதிபதியே பாஞோல்னு டிவியில சொன்னாரே, நான் சொன்னா என்ன தப்பு?"

சொன்னார். 2023 செப்டம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில் எமானுவேல் மக்ரோன், 'நமக்குப் பாஞோல் பிடிக்கும், எனக்கு ரொம்பவே பிடிக்கும்' என்றார். சுற்றுச்சூழல் திட்டம் பற்றிய பேச்சு அது. எரிபொருள் விலை பற்றிய கவலையும் நாட்டில் இருந்த நேரம். வுவாத்யூர் என்று சொல்லியிருந்தால் வெறும் தகவல். பாஞோல் என்றதால் 'நானும் உங்களில் ஒருவன்' என்ற செய்தி போனது. தெரிந்தே எடுத்த சொல். மறுநாள் ஊடகங்கள் திட்டத்தைவிட அந்தச் சொல்லைப் பற்றி அதிகம் பேசின என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அது எதிர்பாராத சொல் என்பதற்கு அதுவே சாட்சி.

அவரே 2018 ஜூனில் சமூக நலச் செலவு பற்றிப் பேசும்போது பணத்துக்குப் போஞோன் என்ற கொச்சைச் சொல்லைப் போட்டார். அது அவருக்கு எதிராகத் திரும்பியது. ஏழைகளுக்கான உதவியைத் துட்டு என்று சொன்னதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் தடுப்பூசி போடாதவர்களைப் பற்றி ஒரு நாளிதழ்ப் பேட்டியில் ஆன்மெர்தே என்றார். 'தொல்லை கொடுப்பது' என்ற பொருளில் வந்தாலும், மலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த வினை அது. அப்போது நடந்துகொண்டிருந்த நாடாளுமன்ற விவாதமே நின்றுபோனது. 2008 பிப்ரவரியில் விவசாயக் கண்காட்சியில் தன்னிடம் கை குலுக்க மறுத்த ஒருவரை அப்போதைய ஜனாதிபதி நிக்கோலா சர்க்கோசி கொச்சையாகத் திட்டியது இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முன்பின் தெரியாத குடிமகனைத் த்யூ போட்டு 'போடா' என்ற பாவனையில் திட்டியது அங்கே சொல்லைவிட அதிகமாகக் காயப்படுத்தியது.

ஒரே நாட்டில், ஒரே பதவியில் இருந்தவர்கள். சொல் யாரை நோக்கிப் போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறியிருக்கிறது. பாஞோல் பொருளின் மேல் போன சொல், மற்றவை மனிதர்கள் மேல் போனவை. நமக்கும் இது உதவும். ஒரு பொருளைக் கொச்சையாகச் சொல்வது பெரும்பாலும் மன்னிக்கப்படும். எதிரில் இருப்பவரையோ, அவர் தொழிலையோ, குழந்தைகளையோ கொச்சையாகச் சொல்வது மன்னிக்கப்படுவது கடினம். போலீஸ்காரரிடம் பேசும்போது ஃப்ளிக் என்ற சொல் வாயில் வரவே கூடாது, பொலிஸியே என்றே சொல்லுங்கள்.

"ஒரு சொல் எந்தப் படின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிரெஞ்சு அகராதியில் பாருங்கள். தமிழ், பிரெஞ்சு இருமொழிச் சிற்றகராதிகளில் இந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது. லாருஸ் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளுக்கு முன்னால் `Familier` என்று போட்டிருக்கும். ரொபேர் அகராதியில் சுருக்கமாக `fam.` என்றிருக்கும். `vulg.` என்றிருந்தால் சொல்லாதீர்கள். `vieilli` என்றிருந்தால் பழசாகிவிட்டது. எதுவும் போடவில்லை என்றால் பொதுச்சொல்.

முத்திரை ஒரு பொருளுக்கு மட்டும் இருக்கலாம், அதைக் கவனியுங்கள். கெஸ் என்றால் பெட்டி, கடையில் பணம் கட்டும் இடம் என்ற பொருள்களில் பொதுச்சொல்தான். கார் என்ற பொருளுக்கு வரும்போது மட்டும்தான் அது ஃபமிலியே.

"கனடாவுக்குப் போறேன். கியூபெக்கிலும் இதே சொற்கள்தானா?"

பொதுச்சொற்கள் செல்லும், கொச்சை செல்லாது. கியூபெக்கில் காருக்குச் சாதாரணமாக ஓத்தோ என்பார்கள், கொச்சையாக ஷார் என்பார்கள். பாஞோல் என்றால் புரியும், ஆனால் பிரான்சிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் குழந்தைகளைச் செல்லமாகக் கோஸ் என்பார்கள். கியூபெக்கில் அந்தச் சொல் ஆண்களின் விதையைக் குறிக்கும். 'உங்கள் கோஸ் நலமா?' என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். ஆன்ஃபான் என்று கேளுங்கள், எங்கும் பிழையில்லை.

"தெல்ஃப் தேர்வில் கொச்சைச் சொல் எழுதினால் மார்க் போகுமா?"

யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சூழலுக்கும் எதிராளிக்கும் ஏற்ற நடையா என்பதையும் திருத்துபவர்கள் பார்ப்பார்கள். மேயருக்கோ நிர்வாகத்துக்கோ எழுதும் கடிதத்தில் பூலோ வந்தால் போகும். நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலில் வந்தால் போகாது. ஆனால் நண்பனுக்கு எழுதும்போதும் ந என்ற துண்டை விடாமல் எழுதுங்கள். பேச்சில் அது விழலாம், தேர்வுத்தாளில் இலக்கணப் பிழையாகப் பார்க்கப்படும்.

"ஃப்ரெண்டு பாஞோல்னு பேசிட்டிருக்கும்போது நான் வுவாத்யூர்னு பதில் சொன்னா, அவனைத் திருத்தற மாதிரி இருக்காதா?"

இருக்காது. 'துட்டு இருக்கா?' என்று ஒருவர் கேட்டு, மற்றவர் 'பணம் இல்லப்பா' என்றால் யாரும் கவனிப்பதில்லை. அதைப் போலத்தான். வுவாத்யூர் பொதுச்சொல் என்பதால் எந்தப் பேச்சிலும் சத்தமில்லாமல் கலந்துவிடும். அந்தக் காப்பீட்டு அம்மாள் என்னிடம் வெயிக்யூல் என்றதுதான் எனக்குத் திருத்தமாகக் கேட்டது. அவர் வுவாத்யூர் என்றிருந்தால் நான் என் பிழையைக் கவனித்தே இருக்க மாட்டேன்.